படுவான்கரை மாணவியும் எரிக்சனின் ஐந்தாம் கட்டமும்

மனித வாழ்வை எட்டு உளசமூகக் கட்டங்களாகப் பகுத்து, எரிக் எரிக்சன் 1950இல் ஒரு நூல் வெளியிட்டார். குழந்தையின் நம்பிக்கையில் தொடங்கும் அந்த வரிசை, வாழ்ந்த வாழ்வை முதுமையில் ஏற்றுக்கொள்வதில் முடிகிறது. பதின்ம வயதுக்குரிய ஐந்தாம் கட்டம், தன்னடையாளத்துக்கும் வகிபாகக் குழப்பத்துக்கும் இடையிலான இழுபறி. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில் அது எவ்வளவு தூரம் பொருந்துகிறது?

கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். ஓ.எல். முடித்துவிட்டாள், விஞ்ஞானத்தில் நல்ல பெறுபேறு. தாய் குவைத்தில் வேலை செய்கிறார். தம்பி தங்கைக்குச் சமைத்துக் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்புபவள் இவள்தான். ஒரு கிழமை உயிரியல் என்கிறாள், மறு கிழமை கலை என்கிறாள். ரியூசனையும் நிறுத்திவிட்டாள்.

இந்த ஊசலாட்டத்தைக் குறையாகப் பார்க்காதது எரிக்சனின் பெரும் பலம். பல வேடங்களைப் போட்டுப் பார்ப்பது அந்த வயதின் வேலை, அதற்குச் சமூகம் அவகாசம் தரவேண்டும் என்றார் அவர். இதை உணர்ந்த ஆசிரியர் அவளை ஏசமாட்டார்.

ஆனால் அந்த அவகாசம் இங்கே எங்கே இருக்கிறது? பெறுபேறு வந்த சில வாரங்களில் ஏ.எல். பிரிவைச் சொல்லியாக வேண்டும். பிறகு மாறினால் காலம் வீண். ஏ.எல். விஞ்ஞானப் பிரிவு 1ஏபி தரப் பாடசாலைகளில் மட்டுமே உண்டு. படுவான்கரையில் அவை குறைவு. 2014இல் திறந்த மண்முனைப் பாலம் எழுவான்கரைக்கான வழியைச் சுருக்கியது உண்மை. காலையில் அடுப்பை யார் மூட்டுவது என்ற கேள்வியை அது தீர்க்கவில்லை. அடுத்த தலைமுறையைப் பேணுவதை எரிக்சன் ஏழாம் கட்டத்தில், நடுவயதில் வைத்தார். அந்தப் பொறுப்பு இவளுக்குப் பதினாறிலேயே வந்துவிட்டது.

ஜேம்ஸ் மார்சியா 1966இல் இந்தக் கட்டத்தை இரண்டு கேள்விகளால் அளந்தார்: மாற்று வழிகளைத் தேடிப் பார்த்தாரா, ஒன்றில் உறுதி கொண்டாரா? தேடாமலே உறுதி கொண்டவரைத் தனி வகையாக வைத்தார். தகப்பன் சொன்னதால் கணிதப் பிரிவுக்குப் போகும் பெடியன் அந்த வகை. பள்ளி அவனைத் 'தெளிவான பிள்ளை' என்கிறது. வேறு எதை யோசித்தாய், ஏன் விட்டாய் என்று கேட்டால் அவனிடம் பதில் இராது. என் பார்வையில் அதிகம் கவனிக்க வேண்டியவன் அவன்தான்.

மாணவியிடம் கேட்க வேண்டியது வேறு: "பஸ்ஸும் வீட்டு வேலையும் பிரச்சினை இல்லையெண்டால் எதைப் படிப்பாய், பிள்ளை?" தயங்காமல் உயிரியல் என்றால் அவளுக்குக் குழப்பமே இல்லை, இல்லாதது வழி. அப்போதும் தடுமாறினால்தான் எரிக்சனின் சொல் பொருந்தும். முதலாவது நிலையில் ஆலோசனை வகுப்பால் பயன் சிறிது. விடுதி இடமும், தம்பி தங்கையைப் பார்க்க ஓர் அம்மம்மாவும்தான் அவளுக்குத் தேவை.