பட்டியலில் ஏறும் முன்

பேராக்கின் தமிழ்ப்பள்ளிகளில் பாடநூலைத் தேர்ந்தெடுக்கும் வேலை ஆசிரியருடையதல்ல. அதைக் கல்வி அமைச்சு அனுப்புகிறது. ஆசிரியர் கையில் இருப்பது பயிற்சிநூல், துணைவாசிப்பு நூல் ஆகியவற்றின் பட்டியல்தான். ஈப்போ நகரப் பள்ளியானாலும், பால்மரம் போய்ச் செம்பனை வந்த பழைய தோட்டத்துப் பள்ளியானாலும், பெற்றோர் காசு கொடுத்து வாங்குவது இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான். சாய்வு, வாசிப்பு எளிமை, பாடத்திட்டப் பொருத்தம் ஆகியவற்றின் ஆய்வு நடக்க வேண்டிய இடமும் இதுவே.

மேலிடம் தேர்ந்த நூலும் தவறலாம் என்பதற்கு 'இன்டர்லோக்' சான்று. அப்துல்லா உசேனின் இந்த நாவல் 1971-இல் வெளிவந்தது. ஐந்தாம் படிவ மலாய் இலக்கியப் பாடத்தில் இடம்பெற்றபோது, அது இந்தியத் தொழிலாளர்களைச் சாதிப்பெயரால் சித்திரித்த விதத்தை எதிர்த்துப் பெரிய சர்ச்சை எழுந்தது. 2011 இறுதியில் நூலை மீட்டுக்கொண்டார்கள். சர்ச்சை முழுக்க ஒரு சொல்லைச் சுற்றியே நடந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இழிசொல்லை ஒரு பாத்திரம் சொல்கிறதா, நூலாசிரியரே சொல்கிறாரா, அதை மறுக்க நூலுக்குள் யாராவது இருக்கிறார்களா என்பதல்லவா கேள்வி? சாய்வைத் தேடும் ஆசிரியர் இந்த மூன்றையும் பார்க்க வேண்டும்.

பயிற்சிநூலில் சாய்வு இப்படி வெளிப்படையாக வராது. நூலிலிருந்து பத்துப் பத்திகளை எடுத்து, ஒவ்வொரு மனிதருக்கும் ஆணா பெண்ணா, என்ன தொழில், எங்கே வாழ்கிறார், பேசுகிறாரா அல்லது பிறர் பேசக் கேட்கிறாரா என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். படங்களைத் தனியாகக் குறிக்க வேண்டும். பத்தியில் மருத்துவராக வரும் பெண், படத்தில் அடுப்படியில் நிற்கக்கூடும். தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் இன்னொன்றையும் கவனிக்கலாம்: தோட்டம் என்றாலே 'அந்தக் காலத்துக் கஷ்டம்' என்று மட்டும் வருகிறதா? அப்படியானால், அங்கே இன்றும் குடியிருக்கும் பிள்ளைக்கு அந்த நூலில் இடமில்லை.

வாசிப்பு எளிமையை அளப்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். சொல்லின் நீளத்தையும் வாக்கியத்தின் நீளத்தையும் எண்ணும் ஆங்கிலச் சூத்திரங்கள் ஒட்டுமொழியான தமிழுக்குப் பொருந்தா. அறிவியல் பயிற்சிநூல் பாணியில் நானே அமைத்த வாக்கியம் இது: 'தொழிற்சாலைகளிலிருந்து வெளியேற்றப்படும் கழிவுநீர் ஆற்றில் கலப்பதனால் நீர்வாழ் உயிரினங்கள் பாதிப்படைகின்றன.' எட்டே சொற்கள்தான். ஆனால் வெளியேற்றுவது, கலப்பது, பாதிப்படைவது என்று மூன்று வினைகள் ஒன்றுக்குள் ஒன்றாக மடிந்திருக்கின்றன. சொற்களுக்குப் பதிலாக வினைகளை எண்ணினால் கடினம் தெரிந்துவிடும். 'தொழிற்சாலைகள் கழிவுநீரை ஆற்றில் விடுகின்றன. அதனால் மீன்கள் சாகின்றன' என்றால் நான்காம் ஆண்டுப் பிள்ளைக்கு விளங்கும்.

பிள்ளையை உரக்க வாசிக்கச் சொல்லி, நூறு சொல்லில் தொண்ணூறுக்குக் குறைவாகச் சரியாக வாசித்தால் நூல் கடினம் என்று கொள்வது ஒரு வழக்கம். தமிழில் இது ஏமாற்றும். எழுத்துக்கூட்டத் தெரிந்த பிள்ளை ஒன்றும் புரியாமலே தடங்கலின்றி வாசித்துவிடும். நன்றாகப் புரிந்த பிள்ளையோ ல, ள, ழ-வில் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. கூடவே, 1953-இல் வில்சன் டெய்லர் முன்வைத்த இடைவெளிச் சோதனையையும் வைத்துப் பார்க்கலாம்: பத்தியின் முதல் வாக்கியத்தை விட்டுவிட்டு, பிறகு ஒவ்வோர் ஐந்தாம் சொல்லையும் நீக்கிப் பிள்ளையை நிரப்பச் சொல்வது. தமிழ்ச் சொல் வேற்றுமை உருபையும் சுமந்து வருவதால் ஐந்து நெருக்கமாகிவிடும்; ஏழாம் சொல்லே போதும். ஆங்கிலத்துக்குச் சொல்லப்படும் தேர்ச்சி விழுக்காடுகளை இங்கே அப்படியே நம்ப வேண்டாம். ஒரே பிள்ளைகளிடம் இரண்டு நூல்களைக் கொடுத்து ஒப்பிடுவதற்குத்தான் இந்தச் சோதனை.

பாடத்திட்டப் பொருத்தம் எளிதான வேலைபோலத் தெரியும், ஏனென்றால் பல நூல்கள் கற்றல் தரத்தின் எண்ணைப் பக்க மூலையிலேயே அச்சிட்டுத் தருகின்றன. அந்த எண்ணை நம்பாதீர்கள். தரத்திலுள்ள வினைச்சொல்லையும், பயிற்சி பிள்ளையைச் செய்யச் சொல்வதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். தரம் 'பத்தி எழுதுவர்' என்கிறது; பயிற்சியோ நான்கு விடைகளில் ஒன்றுக்கு வட்டமிடச் சொல்கிறது. எண் பொருந்துகிறது, வேலை பொருந்தவில்லை. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. இப்போது வகுப்பறை மதிப்பீட்டில் ஒன்று முதல் ஆறு வரையிலான அடைவுநிலைகளுக்குச் சான்று தேவை. வட்டமிட்ட விடைகளை வைத்துக்கொண்டு எழுத்துத்திறனுக்கு மேல்நிலை கொடுக்க முடியாது.

குறைந்த மாணவர் பள்ளிகளில் இரண்டு ஆண்டுப் பிள்ளைகள் ஒரே அறையில் அமர்வதுண்டு. ஆசிரியர் ஓர் ஆண்டுக்குப் பாடம் நடத்தும்போது மற்றவர்கள் பயிற்சிநூலோடு தனியே இருப்பார்கள். அங்கே பத்தியைவிடக் கட்டளை வாக்கியமே முக்கியம். நடுத்தர மாணவர் இருவரிடம் கட்டளையை மட்டும் வாசிக்கக் கொடுத்து, என்ன செய்ய வேண்டும் என்று அவர்கள் வாயால் கேளுங்கள். இருவருமே தவறாகச் சொன்னால், மற்ற சோதனைகளில் தேறியிருந்தாலும் அந்த நூலைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.