திருப்பிக் கொடுக்கும் சிப்பாய்

1995 ஏப்ரலில் ரீகா நகரில், மிகைல் டாலின் நினைவாக நடந்த போட்டியில் காஸ்பரோவும் நம் விஸ்வநாதன் ஆனந்தும் மோதினார்கள். அதே ஆண்டின் பிற்பகுதியில் நியூயார்க்கில் இருவரும் உலகப் பட்டத்துக்காக ஆடவிருந்தார்கள். உலகச் சாம்பியன் வெள்ளைக்காய். நான்காவது நகர்த்தலிலேயே தன் b சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, கறுப்பு மந்திரியின் முன்னால் வைத்தார்.

1.e4 e5 2.Nf3 Nc6 3.Bc4 Bc5 4.b4

இதுதான் எவன்ஸ் காம்பிட். 1820களில் வில்லியம் டேவிஸ் எவன்ஸ் என்ற வேல்ஸ் கப்பல் கேப்டன் கண்டுபிடித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆட்டக்காரர்கள் இதன்மேல் பித்தாகவே இருந்தார்கள். அடுத்த நூற்றாண்டில் மேல்மட்டத்தில் இது ஏறக்குறைய வழக்கொழிந்தது. அதற்குப் பெரிய காரணம், கறுப்பு சிப்பாயைத் திருப்பிக் கொடுக்கக் கற்றுக்கொண்டதுதான் என்பது என் எண்ணம்.

வெள்ளை கேட்கும் பேரம் எளிமையானது. மந்திரி b4 சிப்பாயை வெட்டினால் c3 என்று தள்ளி அதை விரட்டலாம். அடுத்து d4 என்று நடுப்பலகையைத் திறக்கலாம். கறுப்பு ராஜா இன்னும் e8-இல் நிற்க, வெள்ளையின் மந்திரி f7-ஐக் குறிவைத்திருக்கும். ஒரு சிப்பாய்க்கு விலையாக வெள்ளைக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நகர்த்தல் நேரமும் அகன்ற நடுப்பலகையும். இதில் நேரம் கரையக்கூடிய சொத்து. பத்து நகர்த்தல்களுக்குள் அதைத் தாக்குதலாக மாற்றவில்லை என்றால், கறுப்பு காஸ்லிங் முடித்து, காய்களை வெளியே கொண்டுவந்து, கூடுதல் சிப்பாயோடு நிம்மதியாக உட்கார்ந்துவிடும்.

பழைய காலத்தில் சிப்பாயை வாங்கியவர்கள் அதைக் கடைசிவரை பிடித்துக்கொள்ளவே பார்த்தார்கள். அதன் உச்சம் ஸ்டைனிட்ஸ். அவர் சிகோரினுடன் தந்தி மூலம் 1890-91இல் ஆடிய இரண்டு ஆட்டங்களில் ஒன்று எவன்ஸ் காம்பிட். சிப்பாயை விடக்கூடாது என்ற கொள்கையில் அவர் ஆடியதன் விளைவைப் பதின்மூன்றாவது நகர்த்தலில் நிறுத்திப் பாருங்கள்: ஒரு குதிரை d8-இல், இன்னொன்று பலகையின் ஓரத்தில் h6-இல், மந்திரி c7-இல், f6-க்கும் d6-க்கும் அலைந்த ராணி f8-இல். எந்தக் காய்க்கும் போகும் இடம் இல்லை. சிகோரின் அந்த ஆட்டத்தையும் வென்றார், மற்றதையும் வென்றார். இத்தனைக்கும் ஸ்டைனிட்ஸ் அப்போது உலகச் சாம்பியன். கொள்கைக்காக இவ்வளவு துன்பப்படத் துணிந்த மனிதரை மதிக்காமல் இருக்க முடியாது. ஆனால் அந்த f8 ராணியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வேதனையாக இருக்கும்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் அவருக்கு அடுத்து சாம்பியனான இமானுவேல் லாஸ்கர். அவர் பெயரால் வழங்கும் தற்காப்பில் கறுப்பு சிப்பாயை வாங்குகிறது, மந்திரியை a5-க்கு இழுக்கிறது, d6 ஆடுகிறது. வெள்ளை காஸ்லிங் செய்து d4 தள்ளியதும், யாரும் கேட்காமலே அந்த மந்திரியை b6-க்கு நகர்த்துகிறது. பார்ப்பதற்குச் சோம்பலான நகர்த்தல். e5-இல் உள்ள சிப்பாயை வெள்ளை இப்போது மீட்டுக்கொள்ளலாம்: 8.dxe5 dxe5 9.Qxd8+ Nxd8 10.Nxe5. சிப்பாய்கள் ஆறுக்கு ஆறு, சரிசமம்.

ஆனால் பலகையைப் பாருங்கள். ராணிகள் போய்விட்டன, ராணி இல்லாமல் f7-ஐத் தாக்கி என்ன பயன்? b சிப்பாயும் d சிப்பாயும் போனதால் வெள்ளையின் a2, c3 சிப்பாய்கள் பக்கத்துணை இல்லாமல் தனித்து நிற்கின்றன. கறுப்பின் a, b, c சிப்பாய்கள் மூன்றும் வரிசை குலையாமல் இருக்கின்றன. எவன்ஸ் காம்பிட் ஆட உட்கார்ந்தவர் இப்போது தனிச் சிப்பாய்களைக் காத்துக்கொண்டு நீண்ட முடிவாட்டம் ஆட வேண்டும். திருப்பிக் கொடுத்த ஒரு சிப்பாய்க்கு லாஸ்கர் வாங்கியது இதைத்தான். என் ரசனையில், எவன்ஸ் காம்பிட்டில் நடந்த எந்த ராணி பலியையும்விட அந்த Bb6 அழகானது.

வெள்ளை அந்தச் சிப்பாயை எடுத்தே ஆக வேண்டும் என்று விதி இல்லை. லாஸ்கருக்குப் பின் வந்தவர்கள் dxe5-ஐத் தவிர்த்து, நெருக்கடியை அப்படியே வைத்துக்கொண்டு ஆடப் பார்த்தார்கள். திருப்பிக் கொடுப்பதும் ஒரு காம்பிட்தான். எதிராளி அதை மறுக்கலாம். ரீகா ஆட்டத்தின் உயிர்நாடி இதில்தான் இருக்கிறது.

ஆனந்த் சிப்பாயை வாங்கினார். c3 வந்ததும் மந்திரியை e7-க்கு, ராஜாவின் அருகிலேயே, இழுத்துக்கொண்டார். 6.d4-க்கு அவர் பதில் 6...Na5. குதிரை ஓரத்துக்குப் போய் c4 மந்திரியைத் தாக்குகிறது; e5 சிப்பாய்க்குக் காவல் போய்விட்டது. கவனக்குறைவு என்று நினைக்க வேண்டாம், திட்டமே அதுதான். வெள்ளை 7.Nxe5 என்று வெட்டினால் கறுப்பு Nxc4 என்று அந்த ஆபத்தான மந்திரியை ஒழித்துவிடும். 8.Nxc4-க்கு உடனே d5! சிப்பாய்க் கணக்கு சமம். நடுவில் வழி திறந்துவிட்டது. இரண்டு மந்திரிகளும் கறுப்பின் வசம். தாக்குதலுக்காக வெள்ளை வாங்கிய நேரம் முழுக்கச் செலவாகிவிட்டது.

காஸ்பரோவ் எடுக்கவில்லை. 7.Be2 என்று மந்திரியை அமைதியாகப் பின்னுக்கு இழுத்தார். ஒரு சிப்பாய் குறைவாக ஆடுகிறவர், காவலில்லாமல் நிற்கும் சிப்பாயை வெட்டாமல் பின்வாங்குகிறார். கறுப்பு கொடுக்க வந்ததை வாங்க மறுத்து, a5 குதிரையை இலக்கில்லாமல் ஓரத்தில் நிற்க விட்டுவிட்டார். ஆனந்த் 7...exd4 என்று வெட்ட, 8.Qxd4. வெள்ளைக்கு இப்போதும் ஒரு சிப்பாய் குறைவு. நடுப்பலகையில் நிற்கும் ராணியோ g7-ஐப் பார்க்கிறது.

இங்கேதான் நிற்க வேண்டும். ஆனந்த் 8...Nf6 ஆடினார். g7-க்கும் காவல், குதிரையும் வெளியே வந்தாயிற்று. நம்மில் யாரும் அதைத்தான் ஆடுவோம். அடுத்து வந்தது 9.e5. குதிரைகள் ஓடத் தொடங்கின: Nc6, Nd5, பிறகு Nb6, பிறகு Nd7. எண்ணிப் பாருங்கள்: கறுப்பின் முதல் பதினான்கு நகர்த்தல்களில் ஏழு குதிரை நகர்த்தல்கள். மூன்று நகர்த்தல்களை ஒரே மந்திரி தின்றிருந்தது. ராணியும் இரண்டு யானைகளும் c8 மந்திரியும் தொடங்கிய இடத்திலேயே. இடையில் வெள்ளை ராணி g3-க்கு வந்து g7-ஐ மிரட்ட, g6 தள்ள வேண்டியிருந்தது. அதனால் h6 ஓட்டையாகி, 15.Bh6 அங்கே வந்து உட்கார்ந்தது. ராஜா காஸ்லிங் செய்யும் வழி அடைபட்டது. ஆனந்த் e5 சிப்பாயையும் வெட்டிக்கொண்டார். இப்போது இரண்டு சிப்பாய் கூடுதல். 25-ஆவது நகர்த்தலில் Re1 வந்ததும் ஆட்டத்தைக் கைவிட்டார்.

எட்டாவது நகர்த்தலில் என்ன செய்திருக்கலாம்? பின்னர் ஆராய்ந்தவர்கள் சுட்டும் பதில் 8...d6. g7 சிப்பாயைக் காக்காமல் விட்டுவிடுவது! 9.Qxg7 என்று வெட்டினால் 9...Bf6, ராணி யானையை வெட்ட முடியாது, மந்திரி திருப்பி வெட்டிவிடும். 10.Qg3 என்று ராணி ஓட வேண்டும். சிப்பாய்கள் மறுபடியும் ஆறுக்கு ஆறு. அந்தச் சிப்பாயை விலையாகக் கொடுத்துக் கறுப்பு வாங்கியது: மந்திரிக்கு நீண்ட மூலைவிட்டம், யானைக்குப் பாதி திறந்த g வரிசை, e5-க்கு வெள்ளைச் சிப்பாய் வராமல் தடுக்கும் d6. ராணி e7-க்கு வந்தால் e4 சிப்பாய்க்கும் நெருக்கடி. ராஜா தன் பக்கத்தில் காஸ்லிங் செய்ய முடியாது என்பது இதன் குறை. ராணிப் பக்கம் போக வேண்டியிருக்கும். ஆனால் ஆட்டம் உண்டு. குதிரைகளை விரட்டிய அந்த e5 வரவே வராது.

எப்போது திருப்பிக் கொடுப்பது என்ற கேள்விக்கு இந்த இரண்டு நகர்த்தல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே நல்ல பாடம். காய் ஒவ்வொன்றையும் பார்த்து, இது எதற்காக இங்கே நிற்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிப்பாயைக் காக்கத்தான் என்ற பதில் இரண்டு மூன்று காய்களுக்கு வந்தால், ராஜாவும் இன்னும் நடுவில் இருந்தால், கொடுக்கும் வேளை வந்துவிட்டது. கொடுப்பதற்கு ஈடாக ஏதாவது கைக்கு வர வேண்டும்: ராணி பரிமாற்றம், ஆபத்தான மந்திரியின் அழிவு, அல்லது d5 போல நடுவைத் திறக்கும் ஒரு தள்ளல். ஒன்றும் வரவில்லை என்றால் அது வெறும் சிப்பாய் இழப்பு. பயத்தில் சிப்பாயை வீசுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தாக்குதல் அப்படியே இருக்கும், சிப்பாய் மட்டும் போயிருக்கும்.

காலம் தாழ்த்துவதும் கெடுதல். ரீகாவில் பதினைந்தாவது நகர்த்தலுக்குப் பிறகு இரண்டு சிப்பாயையும் திருப்பிக் கொடுத்தாலும் h6 மந்திரி போயிருக்காது.

வாங்காமலே விட்டுவிட்டால் என்ன? 4...Bb6 என்று மந்திரியைப் பின்னிழுத்தால் எவன்ஸ் காம்பிட் மறுப்பு. கௌரவமான வழி. ஆனால் மறுத்ததால் பிரச்சினை தீர்வதில்லை. வெள்ளைக்கு b4 சிப்பாய் இலவசமாக முன்னேறிய இடம். அடுத்து a4, a5 என்று மந்திரியைச் சிறைபிடிக்கும் மிரட்டல். ரீகாவுக்கு அடுத்த மாதம் ஆம்ஸ்டர்டாமில் காஸ்பரோவ் இதே காம்பிட்டை நெதர்லாந்தின் ஜெரோன் பிக்கெட்டிடம் நீட்டினார். பிக்கெட் மறுத்தார். ஆனால் பின்னால் d4-இல் ஒரு சிப்பாய் கிடைத்தபோது மந்திரியால் வெட்டினார், தொடர்ந்து a1 யானையையும் வெட்டினார், ஆட்டத்தைத் தோற்றார். முதலில் மறுத்தவர் பிறகு, இன்னும் மோசமான வேளையில் வாங்கினார். மறுக்கிறவர் அந்த மனநிலையோடு கடைசிவரை ஆட வேண்டும்.

எல்லாக் காம்பிட்டுகளுக்கும் இதே கணக்கு பொருந்தாது. பெங்கோ காம்பிட்டில் கறுப்பு தரும் சிப்பாய்க்கு ஈடு நேரம் அல்ல, பாதி திறந்த a, b வரிசைகள்; அந்த நெருக்கடி ராணிகள் போன பின்னும் முடிவாட்டம்வரை நீடிக்கும். ஆகவே அங்கே லாஸ்கர் வழி உதவாது. வரிசைகள் திறக்கும் முன்பே, ஐந்தாவது நகர்த்தலில் b6 என்று தள்ளிச் சிப்பாயைத் திருப்பித் தருகிறவர்கள் உண்டு, விவேகமான தேர்வு.

என் தீர்ப்பு: எவன்ஸ் காம்பிட்டை வாங்குங்கள். ரீகா ஆட்டத்தைப் பலகையில் வைத்து எட்டாவது நகர்த்தலில் நிறுத்துங்கள். நண்பர் ஒருவரை வெள்ளைக்கு உட்கார வைத்து, 8...d6 ஆடி, g7 சிப்பாயை அவர் எடுக்க விடுங்கள். பிறகு அதே இடத்திலிருந்து 8...Nf6 ஆடி இன்னொரு ஆட்டம் ஆடிப் பாருங்கள். எந்தப் பக்கம் மூச்சு முட்டுகிறது என்பது பதினைந்தாவது நகர்த்தலுக்குள் தெரிந்துவிடும்.