கிளினிக் கொப்பியில் மூன்றாவது குளிசை

மார்கழிப் பனியில் பண்டாரவளையில் இருமாத வீடு இல்லை. அதனால் பிரஷர் குளிசை தொடங்கிய சில வாரங்களில் வரும் வறட்டு இருமலும் பனியின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. கிளினிக்கில் இருமல் பாணி கொடுப்பார்கள், இருமல் நிற்காது.

கொழுந்து பறிக்கும் ஐம்பது வயதுப் பெண் ஒருவரின் கொப்பியைக் கற்பனை செய்துகொள்வோம். முதல் பக்கத்தில் எனலாப்ரில். இந்த மருந்து இரத்தக் குழாய்களை இறுக்கும் பொருளை உருவாக்கும் நொதியைத் தடுக்கிறது. அதே நொதிக்கு இன்னொரு வேலையும் உண்டு: பிராடிகைனின் என்ற பொருளைச் சிதைப்பது. நொதி முடங்கியதும் பிராடிகைனின் சுவாசக் குழாயில் தேங்கி, தொண்டையை அரித்துக்கொண்டே இருக்கும். சளி வராது. பெண்களுக்கே இது அதிகம். பாணி கொடுக்காமல், எனலாப்ரிலுக்குப் பதிலாக லொசாட்டன் கொடுத்திருந்தால் போதும். அது அந்த நொதியைத் தொடுவதில்லை. எனலாப்ரிலை நிறுத்திய பிறகு பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் இருமல் அடங்கும்.

நம் கொப்பியில் எனலாப்ரிலை அடித்துவிட்டு அம்லோடிபின் எழுதுகிறார்கள். 5 மில்லிகிராம் போதாமல் 10 ஆகிறது. இருமல் போய், கால் வீங்குகிறது. அம்லோடிபின் சிறு தமனிகளை விரிக்கும். சிரைகளை அந்த அளவுக்கு விரிப்பதில்லை. உள்ளே வரும் வாய்க்கால் அகலமாகி, வெளியேறும் வாய்க்கால் அப்படியே இருந்தால் வரப்பு கசியாமல் என்ன செய்யும்? நாள் முழுக்க மலையில் நிற்பவரின் கணுக்காலில் அந்த நீர் இறங்குகிறது.

அடுத்து எழுதப்படுவது நீர்க் குளிசை. என் குறை இங்கேதான். உடம்பில் நீர் கூடியதால் வந்த வீக்கம் அல்ல இது. ஆகவே நீரை வெளியேற்றினாலும் பெரிதாக வடியாது. தேயிலை மலையில் கழிப்பறைக்கு எங்கே போவது? வேலை நாளில் அந்தக் குளிசையை விட்டுவிடுவார். சில சமயம் சேர்த்து பிரஷர் குளிசையையும். அம்லோடிபின் அளவை 5-க்குக் குறைத்து லொசாட்டனைச் சேர்ப்பதே நல்ல வழி. அது சிரைகளையும் விரிப்பதால் வீக்கம் குறையும்.

வைத்தியரை மட்டும் குற்றம் சொல்வதும் சரியல்ல. கால் வீக்கம் இதயமோ சிறுநீரகமோ பழுதானதன் அடையாளமாகவும் இருக்கலாம். அப்போது நீர்க் குளிசைதான் மருந்து. மூச்சு வாங்குகிறதா, சிறுநீரில் புரதம் போகிறதா, ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறதா என்று பார்க்காமல் எல்லாப் பழியையும் அம்லோடிபின்மேல் போடுவதும் ஆபத்து. இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குக் காசநோய்ச் சளிப் பரிசோதனையும் தேவை. நீண்ட வரிசைக்கு நடுவே இத்தனையும் கேட்க நேரம் கிடைப்பதில்லை.

குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். உதடோ நாக்கோ வீங்கினால் மட்டும் அடுத்த குளிசையைப் போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்றபடி, குளிசை தொடங்கிய தேதியையும் இருமலோ வீக்கமோ தொடங்கிய தேதியையும் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.