கரும்பல கை

குளுவாங் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் நினைவு மலரை மறுபதிப்புச் செய்யும் வேலை அண்மையில் என்னிடம் வந்தது. பழைய மலரை வேர்டில் தட்டச்சு செய்து பக்கம் கட்டியவர் அனுபவம் மிக்கவர். கோப்பைத் தரும்போது பெருமையோடுதான் சொன்னார்: "தம்பி, ஒவ்வொரு வரியையும் கண்ணால பார்த்துக் கையால ஒடிச்சு வச்சிருக்கேன். கணினிக்குத் தமிழ் வரி ஒடிக்கத் தெரியாது." இதே வாதத்தை மலர்க்குழுக் கூட்டங்களில் பலமுறை கேட்டிருக்கிறேன். கேட்டவர்கள் தலையாட்டியதையும் பார்த்திருக்கிறேன். அது தவறான வாதம் என்று நெடுநாளாகவே எண்ணிவந்தேன். இந்த மலரின் கோப்பைத் திறந்தபின் அந்த எண்ணம் உறுதிப்பட்டது.

அவர் சொல்வதில் உண்மை இல்லாமலில்லை. வேர்டு, லிப்ரே ஆபிஸ் போன்றவை, தனியாக ஏற்பாடு செய்யாதவரை, தமிழ் வரியைச் சொல்லிடைவெளியில் மட்டுமே ஒடிக்கும். நம் சொற்களோ ஒட்டி ஒட்டி நீளும். இருபத்திரண்டு எழுத்து அகலமுள்ள குறுகிய பத்தியில் "நாங்கள் அதில் கலந்துகொள்ளவேண்டியிருந்தது" என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலிரு சொற்கள் ஏழு எழுத்து. மூன்றாவது சொல் பதினைந்து எழுத்து. இடைவெளிகளையும் சேர்த்தால் அது வரியில் அடங்காது, முழுதாக அடுத்த வரிக்கு இறங்கிவிடும். இருபக்கமும் சீராக்கும் `Ctrl+J` இருந்தால் "நாங்கள்" இடது ஓரத்திலும் "அதில்" வலது ஓரத்திலும் நிற்கும். நடுவில் பதினைந்து எழுத்துக்கு வெற்றிடம் கிடக்கும். இப்படி நாலு வரி அடுத்தடுத்து வந்தால் பத்தியில் வெள்ளை ஓடை ஓடும். "வேண்டி" என்பதோடு சொல்லை ஒடித்து "யிருந்தது" என்பதைக் கீழே இறக்கினால் இரண்டு இடைவெளிகளுக்கும் சேர்த்து ஐந்து எழுத்து இடமே மிஞ்சும், வரி அடைந்து நிற்கும். கண்ணறிந்த தட்டச்சாளர் இதைத்தான் செய்கிறார். அச்சான பக்கம் அழகாகவும் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை.

என் மறுப்பெல்லாம் அவர் எந்தச் சாவியால் ஒடித்தார் என்பதில்தான் இருக்கிறது. அவர் அழுத்தியது `Shift+Enter`. இருபக்கமும் சீராக்கிய பத்தியில் வேர்டு அந்த வரியை இயல்பாகவே ஓரம்வரை இழுத்துவிடும் என்பதால் இது கைக்கு இதமான வழி. ஆனால் அந்தச் சாவி இடுவது ஓர் எழுத்துரு, ஓர் அளவு, ஓர் அகலம் ஆகியவற்றுக்கு மட்டுமே பொருந்துகிற ஒடிப்பு. கோப்பு இடம் மாறியதும் அந்த மூன்றில் ஒன்றாவது மாறுகிறது.

பெரும்பாலும் முதலில் மாறுவது எழுத்துருதான். மலர் லதாவில் கட்டப்பட்டது. விண்டோஸ் 2000 முதல் மைக்ரோசாப்ட் வழங்கிவரும் எழுத்துரு அது. லினக்ஸிலோ மேக்கிலோ அது இல்லாவிட்டால் லிப்ரே ஆபிஸ் நோட்டோவையோ இணைமதியையோ வேறொன்றையோ அதன் இடத்தில் வைத்துவிடும். எழுத்தின் அகலம் கொஞ்சம் கூடினாலே போதும், ஒவ்வொரு வரியிலும் கடைசிச் சொல் கீழே விழும். அதன் பின்னாலேயே பழைய ஒடிப்பு நிற்கிறது. ஆகவே ஒரு முழு வரி, அதன்கீழ் ஒரு சொல் மட்டும் உள்ள துண்டு வரி, மறுபடி முழு வரி என்று பக்கம் படிக்கட்டுபோல் ஆகிவிடும். துண்டு வரியில் இரண்டு சொற்கள் இருந்தால் அவை இரு ஓரங்களுக்கும் இழுக்கப்பட்டு நிற்கும். லிப்ரே ஆபிஸில் கையால் ஒடித்த வரியை இழுக்கவேண்டுமா வேண்டாமா என்று தேர்ந்தெடுக்கலாம். வேண்டாம் என்றால் இழுப்பு நிற்கும், படிக்கட்டு நிற்காது. இந்த வடிவத்தைக் கண்டால் அமைப்பை நோண்டிக்கொண்டிருக்க வேண்டாம். வேர்டில் `Ctrl+Shift+8`, லிப்ரே ஆபிஸில் `Ctrl+F10` அழுத்தினால் வரிதோறும் வளைந்த அம்புக்குறி தெரியும். கோளாறு அங்கேதான்.

அம்புக்குறிகளை ஒரே மூச்சில் நீக்கிவிடலாமே என்று தோன்றும். ஆங்கிலக் கோப்பென்றால் பெரும்பாலும் அப்படியே செய்யலாம். சொல் நடுவில் ஒடிந்த இடத்தில் இணைப்புக்கோடு தடயமாக நிற்கும். தமிழ் அச்சு மரபிலோ சொல்லை ஒடித்தால் கோடு போடவேண்டியதில்லை. வரி ஓரத்தில் "கரும்பல" என்று நின்று அடுத்த வரி "கை" என்று தொடங்கினால் வாசகர் தானே சேர்த்துப் படித்துக்கொள்வார். தாளில் அது நல்ல மரபு. கோப்பில் அதே மரபு தடயத்தை அழித்துவிடுகிறது. ஒடிப்பை நீக்கி இடைவெளி வைத்தால் "கரும்பல கை" என்றாகும். இடைவெளி வைக்காமல் நீக்கினால் உண்மையிலேயே தனிச்சொற்களாக இருந்தவை ஒட்டிக்கொள்ளும். பலகை என்பதைப் பொதுமொழிக்கு எடுத்துக்காட்டாக இலக்கணத்தில் படித்திருக்கிறோம். ஒன்றாக நின்றால் ஒரு பொருள், "பல கை" என்று பிரிந்தால் வேறு பொருள். அந்தப் பாடத்தை நடத்தும் பள்ளியின் மலரிலேயே பிரிப்பு தவறிப்போகலாமா? இந்தக் கேள்விக்கு இன்றுவரை ஒருவரும் எனக்கு விடை சொல்லவில்லை.

இந்தக் கோப்பைச் சரிசெய்ய எனக்குக் கைகொடுத்தது மொழிமுதல் எழுத்துகளைப் பற்றிய பழைய இலக்கணம்தான். ண, ள, ழ, ற, ன ஆகியவை தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வாரா. ஆகவே அம்புக்குறிக்கு அடுத்த வரி இவற்றில் தொடங்கினால் அது நடுச்சொல் ஒடிப்புத்தான். லிப்ரே ஆபிஸின் தேடலில் சுருங்குறித் தொடரைத் தேர்வுசெய்துவிட்டு இப்படித் தேடிச் சேர்த்தேன்:

```
\n([ணளழறன])
```

மாற்றும் பெட்டியில் `$1` என்று மட்டும் இட்டால் ஒடிப்பு போய் எழுத்து நிற்கும். புள்ளி எழுத்தில் தொடங்கும் வரிகளும் இப்படியே. அங்கே ஒடித்ததே பிழை, ஏனென்றால் மெய்யெழுத்தை வரியின் தலையில் வைப்பதில்லை. ஆனால் இங்கே மொத்தமாக மாற்றாமல் ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும். நம் ஊர்ப்பெயரையே "க்ளுவாங்" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். யி, யெ போன்றவையும் சொல் தொடக்கமாக வாரா என்பதால் "யிருந்தது" தானாகவே அகப்பட்டது. மறுபுறம், வரி உயிரெழுத்தில் தொடங்கினால் அது புதுச்சொல் என்று துணிந்து இடைவெளி வைக்கலாம். தமிழ்ச் சொல்லின் நடுவில் உயிர் தனித்து வருவது அரிது. "1957-ஆம்" போன்றவற்றை மட்டும் கண்டு விலக்கிக்கொள்ள வேண்டும்.

இதற்குமேல் இலக்கணம் உதவவில்லை. க, ச, த, ந, ப, ம, வ வரிசைகள் சொல்லின் முதலிலும் வரும், நடுவிலும் வரும். "கை" அங்கேதான் ஒளிந்திருந்தது. மீதி வரிகள் அத்தனையையும் அச்சான மலரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்தே சேர்த்தேன். இரவுகள் அதில் கழிந்தன. ஒருவர் அக்கறையோடு செய்த வேலையை இன்னொருவர் அதே அக்கறையோடு அவிழ்க்க வேண்டியிருப்பது எனக்குக் கோபத்தையே தந்தது. அந்தக் கோபம் நியாயமா என்பதை வாசகர் முடிவுசெய்யட்டும்.

அவர் `Shift+Enter`-க்குப் பதில் மென்கோட்டை வைத்திருக்கலாம். வேர்டிலும் லிப்ரே ஆபிஸிலும் அதற்கு `Ctrl` சாவியோடு கழித்தல் குறி. "கலந்துகொள்ளவேண்டி" என்பதை அடுத்து அதை இட்டால், சொல் வரி ஓரத்தில் விழும்போது மட்டும் அங்கே ஒடியும், கோடும் தெரியும். வரியின் நடுவில் நின்றால் மென்கோடு கண்ணுக்குத் தெரியாது. எழுத்துரு மாறினாலும் வரி தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். முக்கியமாக, அதற்குத் தடயம் உண்டு. வேர்டில் `^-` என்றும், லிப்ரே ஆபிஸில் சுருங்குறித் தொடராக `\u00AD` என்றும் தேடி அத்தனையையும் ஒரே தடவையில் எடுத்துவிடலாம், ஒரு சொல்கூடச் சிதையாது. மென்கோடு சொல்லுக்குள் கிடந்தால் தேடலிலும் பிழைதிருத்தியிலும் சில சமயம் அந்தச் சொல் அகப்படாமல் போகும் என்பது உண்மைதான். நீக்கக்கூடிய குறை அது.

நம் தட்டச்சாளர்கள் மென்கோட்டை நம்பாததற்கு ஒரு வரலாறு இருக்கலாம் என்பது என் ஊகம். யூனிகோடுக்கு முன் புழங்கிய திஸ்கி குறியீட்டில் "இ" 173-ஆம் இடத்தில் இருந்தது. கணினி அதே இடத்தை மென்கோடு என்று கொள்வதால் "இ" மறைந்துவிடும். பிறகு 1.7 பதிப்பில் அதற்கு 254-ஆம் இடத்தையும் கொடுக்கவேண்டி வந்தது. எழுத்தையே விழுங்கிய ஒன்றைக் கண்டு அன்று அஞ்சியதில் நியாயம் இருந்தது. யூனிகோடில் தட்டச்சு செய்யும் இன்று அந்த நியாயம் இல்லை.

இன்டிசைனுக்குப் போகிறவர்களுக்கு வேறு வழியும் உண்டு. பத்திக்குத் தமிழ் என்று மொழி குறித்து, இந்திய மொழிகளுக்கான வரியமைப்பைத் தேர்ந்தெடுத்தால் அதுவே சொல்லை ஒடிக்கும். ஒடிப்பு எல்லா இடத்திலும் பொருளோடு பொருந்தும் என்று சொல்லமாட்டேன், கண் வைத்துத்தான் ஆகவேண்டும். ஆனால் கோப்பின் எழுத்தில் அது கைவைக்காது. அதுவும் இல்லாதபோது குறுகிய பத்தியை இடப்பக்கம் மட்டும் சீராக்கி வலது ஓரத்தை ஏற்ற இறக்கமாக விடுவது நல்லது. "கலந்துகொள்ள வேண்டியிருந்தது" என்று துணைவினையைப் பிரித்தெழுதும் வழக்கத்தை மலர் முழுதும் கடைப்பிடித்தாலும் பாதித் தொல்லை தீரும். அது பதிப்பாசிரியர் முதலிலேயே எடுக்கவேண்டிய முடிவு. பக்கம் கட்டும்போது வரிக்கு வரி எடுக்கும் முடிவாக அது இருக்கக்கூடாது.

மலர் வேலையில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அச்சகத்துக்குப் போகும் கோப்பில் எப்படி வேண்டுமானாலும் ஒடித்துக்கொள்ளுங்கள். ஒடிக்கத் தொடங்கும் முன், ஒரு `Shift+Enter`-கூட இல்லாத படி ஒன்றைத் தனியாகச் சேமித்துப் பள்ளியிடம் கொடுத்துவிடுங்கள்.