‘ஓகே’ எந்தப் புரூஃபுக்கு?

கல்யாணப் பத்திரிகையின் வரைவைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, எல்லாரையும் கேட்ட பிறகுதான் அச்சுக்குக் கொடுப்பது என்பது வழக்கமாகிவிட்டது. “ஒருத்தர் விடாமல் பார்த்தாச்சு, இனிமேல் யாரும் குறை சொல்ல முடியாது” என்று இதற்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் எல்லாக் கல்யாண வீட்டிலும் இருக்கிறார்கள். பார்த்தார்கள், சரி. எதைப் பார்த்தார்கள்?

குழுவால் பயனே இல்லை என்று சொல்ல வரவில்லை. மறைந்த தாத்தாவின் பெயருக்கு முன்னால் ‘தெய்வத்திரு’ விட்டுப்போனதும், சின்ன மாமாவின் இனிஷியல் மாறியதும் அச்சகத்தாருக்கு எப்படித் தெரியும்? அதையெல்லாம் உறவுக்காரர்கள்தான் பிடிக்க முடியும். என் ஆட்சேபம் வேறு. குழுவில் விழும் திருத்தம் எந்தப் புரூஃபைப் பார்த்துச் சொன்னது என்பது சொன்னவருக்கும் தெரியாது, கேட்டவருக்கும் தெரியாது.

ஒரு பத்திரிகையை எடுத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை மாலை முதல் புரூஃப் வருகிறது. ஜோசியர் குறித்துக் கொடுத்த முகூர்த்தம் 7.30–9.00, புரூஃபில் 9.00–10.30 என்று இருக்கிறது. சித்தப்பா உடனே சொல்லிவிடுகிறார். நேரத்தைத் திருத்தி, மேலே குலதெய்வத்துக்கு ஒரு வரியும் சேர்த்து, இரவே இரண்டாம் புரூஃப் வந்துவிடுகிறது. மறுநாள் காலை துபாயில் இருக்கும் அத்தை, போனில் முதலில் கண்ணில் பட்ட படத்தைத் திறக்கிறார். அது பழையது. “அஞ்சாவது வரியில துணைக்கால் விட்டுப்போச்சு” என்று எழுதுகிறார். புதிய புரூஃபில் அந்த வரி ஆறாவதாக இறங்கிவிட்டது. வடிவமைக்கிற பையன் ஐந்தாவது வரியைத் துருவிப் பார்த்து, சரியாக இருந்த சொல்லில் கை வைக்கிறான். மதியம் பெரியப்பா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறார். அது எந்தப் புரூஃபுக்கு என்று கேட்க யாருக்கும் தைரியம் இல்லை.

கோப்பின் பெயரை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்பார்கள். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’ என்று பையன் வைத்த பெயரெல்லாம் படமாக அனுப்பியதுமே போய்விடும். ஆண்ட்ராய்டு போனில் அது IMG-20250613-WA0007.jpg என்ற மாதிரி பதிவாகிறது. அதில் இருப்பது படம் வந்துசேர்ந்த தேதிதான். பழைய புரூஃபை அத்தை மறுநாள் வேறொருவருக்குத் தள்ளிவிட்டால், அவர் போனில் அதற்குப் புதுத் தேதி விழும். ஆகவே எண்ணைப் பத்திரிகைக்குள்ளேயே, ஓரத்தில் பெரிய எழுத்தில் போட வேண்டும்: ‘புரூஃப் 2, வெள்ளி இரவு’. அச்சுக்குப் போகுமுன் அதை எடுத்துவிடலாம். இந்தச் சின்ன வேலையைச் செய்கிற குடும்பத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

இதைவிட மோசமானது, திருத்திய பிழை திரும்பி வருவது. மூன்றாம் புரூஃபில் மறுபடியும் 9.00–10.30 என்று வந்தால், “என்னப்பா, சொன்னதையே செய்யலியா?” என்று பையனைத் திட்டிவிட்டு, நேரத்தை மட்டும் மாற்றச் சொல்வார்கள். பையன் மறக்கவில்லை, முதல் புரூஃபின் கோப்பைத் திறந்து அதில் வேலை செய்திருக்கிறான். அப்படியானால் குலதெய்வத்தின் வரியும் போயிருக்கும், இரண்டாம் புரூஃபுக்காகச் செய்த மற்ற திருத்தங்களும் போயிருக்கும். அந்த நிலையில் முதல் எழுத்திலிருந்து மறுபடி படிப்பதைத் தவிர வழியில்லை. குழுவில் யாரும் படிப்பதில்லை. அவரவர் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இன்னொன்று, அச்சகத்து எழுத்துரு. நாம் போனில் அடிப்பது யூனிகோடு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இன்றும் வேலை செய்யும் அச்சகங்கள் உண்டு. அங்கே நம் திருத்தத்தை அப்படியே ஒட்டினால் குப்பையாக வரும். மாற்றியோ மறுபடி அடித்தோதான் ஆக வேண்டும். ஒரு இனிஷியலைத் திருத்தப்போய்ப் பக்கத்துப் பெயரில் ‘ண’ ‘ன’ ஆவது இப்படித்தான்.

நான் சொல்வது புதிதல்ல. வரைவு போடும் முன்பே ஒவ்வொரு வீட்டிடமும் அவரவர் பெயர், இனிஷியல், படிப்பை மட்டும் எழுதி வாங்கி ஒரு நோட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். புரூஃப் வந்ததும் நோட்டோடு ஒப்பிடும் பொறுப்பு ஒருவருக்கே. யார் எதைச் சொன்னாலும் “ஓரத்தில் என்ன எண் இருக்கு?” என்று கேட்டு, எண்ணோடு குறித்துக்கொண்ட பிறகே அச்சகத்துக்குச் சொல்ல வேண்டும். சொல்பவரும் அவர் ஒருவரே. நேரம், தேதி, மண்டபம் மூன்றையும் ஒவ்வொரு புரூஃபிலும் புதிதாகப் பார்க்க வேண்டும், யாரும் குறை சொல்லாவிட்டாலும்.

பெரியவர்களிடம் எண் கேட்டால் ‘ஆபீஸ் நடத்துறியா’ என்று கோபித்துக்கொள்வார்கள் என்பது எனக்குக் கிடைக்கும் வழக்கமான பதில். பெரியப்பாவுக்குப் படமே அனுப்ப வேண்டாம். அவர் குடும்பத்தின் இரண்டு வரியையும் போனில் எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டினால் போதும். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டச் சொல்வதைவிட அவருக்கு அதுதான் பிடிக்கும்.