மஞ்சள் பட்டையை நோக்கி ஓடும் விலை

பிட்காயின் ஃபியூச்சர்ஸ் வணிகம் செய்பவர்களின் திரையில் இன்று விலைப்படத்துக்கு அருகிலேயே இன்னொரு படமும் திறந்திருக்கிறது. ஊதாப் பின்னணியில் மஞ்சள் பட்டைகள் ஓடும் லிக்விடேஷன் ஹீட்மேப் அது. பட்டை எவ்வளவு பளிச்சென்று இருக்கிறதோ, அந்த விலையில் அவ்வளவு கடன் நிலைகள் கட்டாயமாக மூடப்படும் என்று பொருள். விலை அந்தப் பட்டையைத் தொட்டுவிட்டுச் சட்டென்று திரும்பும் என்பது இதை நம்புகிறவர்களின் வாதம். ‘ஸ்டாப்லாஸை அடிச்சிட்டுத் திரும்பிடுச்சு’ என்று நம்மூர்ப் பங்குச்சந்தைக்காரர்கள் சொல்லும் அதே புலம்பலுக்கு இங்கே ஒரு வரைபடம் கிடைத்திருக்கிறது.

வாதத்தின் அடிப்படை சரியானதுதான். ஒருவர் 60,000 டாலரில் 25 மடங்கு லீவரேஜில் ஷார்ட் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கட்டிய மார்ஜின் 4 சதவீதம். அதில் அரை சதவீதத்தைப் பராமரிப்புக்கு ஒதுக்கினால், விலை ஏறக்குறைய 62,100-ஐத் தொடும்போது எக்ஸ்சேஞ்ச் தானாகவே அவருடைய நிலையை மூடிவிடும். ஷார்ட்டை மூடுவதென்றால் வாங்குவது. அவரைப் போன்ற ஆயிரம் பேர் 62,100-ஐ ஒட்டி இருந்தால், விலையைப் பாராமல் வாங்கித் தீர வேண்டிய கூட்டம் அங்கே காத்திருக்கிறது. பெரிய அளவில் விற்க நினைப்பவருக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. அவர் அங்கே விற்றுத் தீர்க்கிறார். கட்டாயமாக வாங்கியவர்கள் தீர்ந்ததும் மேலே வாங்க ஆளில்லாமல் விலை சரிகிறது. மேலே போய்த் திரும்பும் அந்தக் கூர்மையான வால் இப்படித்தான் உருவாகிறது.

சிக்கல் படத்தில் இருக்கிறது. யாருடைய நிலை எந்த விலையில் மூடப்படும் என்பதைப் பெரிய எக்ஸ்சேஞ்சுகள் வெளியிடுவதில்லை. ஓப்பன் இன்ட்ரஸ்ட் எந்த விலையில் கூடியது என்று பார்த்து, அதில் இத்தனை பங்கு 25 மடங்கு, இத்தனை பங்கு 50 மடங்கு என்று ஊகித்துத்தான் பட்டைகளைத் தீட்டுகிறார்கள். இதனால் ஒரு விபரீதம் நேர்கிறது. விலை சில நாட்கள் ஒரே வரம்புக்குள் சுற்றிக்கொண்டிருந்தால், அங்கே புதிய நிலைகள் குவியும். கணக்குப்படி அந்த வரம்புக்குச் சற்று மேலேயும் சற்றுக் கீழேயும் மஞ்சள் பட்டை விழுந்தே தீரும். அப்புறம் விலை எந்தப் பக்கம் வெளியேறினாலும் ஒரு பட்டையில் முட்டத்தான் செய்யும். அதை விலையை இழுக்கும் காந்தம் என்று எப்படிச் சொல்வது? அதே தூரத்தில் பட்டையே இல்லாத ஒரு விலையைவிட இது அடிக்கடி தொடப்படுகிறதா என்று எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். படத்தைப் பகிர்கிறவர்கள் அந்த எண்ணிக்கையைப் பகிர்ந்து நான் பார்த்ததில்லை.

ஊகமே இல்லாத இடமும் ஒன்று உண்டு. ஹைப்பர்லிக்விட் தளத்தில் நிலைகள் பிளாக்செயினிலேயே பதிவாவதால் லிக்விடேஷன் விலையை எவரும் பார்க்கலாம். 2025 மார்ச்சில் அங்கே ஒருவர் 84,000 டாலரை ஒட்டி, 40 மடங்கு லீவரேஜில், 4,400-க்கும் மேற்பட்ட பிட்காயினை ஷார்ட் செய்தார். சுமார் 85,600-இல் அவர் நிலை மூடப்படும் என்பது ஊருக்கே தெரிந்தது. அவரை வேட்டையாடக் கூட்டுச் சேருங்கள் என்று சமூக ஊடகத்தில் வெளிப்படையாக அழைப்பு விடுத்தார்கள். விலையும் மேலே நகர்ந்தது. அவரோ 50 லட்சம் டாலர் மார்ஜினைக் கூடுதலாகக் கட்டினார், லிக்விடேஷன் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. சில நாட்களில் சுமார் 90 லட்சம் டாலர் லாபத்தோடு மூடிவிட்டுப் போனார். துல்லியமாகத் தெரிந்த இலக்கே இப்படி நழுவும்போது, ஊகித்துத் தீட்டிய பட்டையின் கதி என்ன? மார்ஜின் சேர்ப்பவர், பாதியை முன்கூட்டியே மூடுபவர், கையிருப்புப் பிட்காயினுக்குக் காப்பாக ஷார்ட் வைத்திருப்பவர் என எவரும் அந்தப் படத்தில் தெரிவதில்லை.

வாதத்தில் ‘திரும்பும்’ என்ற பாதி இன்னும் பலவீனம். அன்னியச் செலாவணிச் சந்தையில் ஒரு பெரிய வங்கியின் ஆர்டர் புத்தகத்தை ஆராய்ந்த பொருளியலாளர் கரோல் ஆஸ்லர், ஸ்டாப்லாஸ் ஆர்டர்கள் முழு எண்களைத் தாண்டிய விலைகளில் குவிகின்றன என்று காட்டினார். ஆனால் விலை அங்கே நுழைந்தபின் திரும்பியதைவிட, அதே திசையில் வேகமெடுத்ததுதான் அவர் கண்டது. 2025 அக்டோபர் 10 அன்று கிரிப்டோவில் நடந்ததும் அதுதான். சீனா மீது 100 சதவீத வரி என்று டிரம்ப் அறிவித்த பிறகு, ஒரு பட்டையின் விற்பனை அடுத்த பட்டையைத் தூண்டி, ஒரே நாளில் சுமார் 1,900 கோடி டாலர் நிலைகள் மூடப்பட்டன. முதல் பட்டையில் ‘திரும்பும்’ என்று வாங்கியவர்கள் அடுத்த பட்டைக்கு விறகானார்கள்.

ஆகவே பட்டையைத் தொட்ட பிறகு ஓப்பன் இன்ட்ரஸ்டைப் பார்ப்பதே உருப்படியான வேலை. விலை ஏறும்போது அது மளமளவென்று குறைந்தால், ஏறியது பெரும்பாலும் ஷார்ட்டுகள் மூடியதால்தான். ஸ்பாட் சந்தையிலும் வாங்குவோர் இல்லையென்றால் திரும்ப வாய்ப்புண்டு. ஓப்பன் இன்ட்ரஸ்ட் குறையாமல் கூடினால் புதிதாக யாரோ நுழைகிறார்கள், எதிர்த்து நிற்பது ஆபத்து. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். லிக்விடேஷன் பெரும்பாலும் பல சந்தைகளின் சராசரியைத் தழுவிய மார்க் விலையில் நடக்கிறது, கடைசியாகக் கைமாறிய விலையில் அல்ல. வால் பட்டையைத் தொட்டதுபோல் படத்தில் தெரிந்தாலும், உள்ளே ஒரு நிலைகூட மூடப்படாமல் இருந்திருக்கலாம்.