50 லிட்டர் கலனின் வேகம்

கட்டுப்பாட்டு அறையில் ட்ரெண்ட் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒவ்வொரு லூப்பின் குணமும் அத்துப்படி. வெப்ப லூப்புக்கு நிமிடக் கணக்கில் காத்திருக்க வேண்டும். தொட்டியில் திரவ மட்டம் ஆடி அசைந்து ஏறும். சின்ன வாயுக் கலனின் அழுத்தம் மட்டும் வால்வு அசைந்த கணத்திலேயே நகரத் தொடங்கிவிடும். அதனால்தான் இந்த லூப்பை ட்யூன் செய்வது எனக்கு மிகவும் பிடிக்கும். இங்கே கலன் தாமதிப்பதே இல்லை. தாமதம் தெரிந்தால் அது வால்விலோ, அளக்கும் கருவியிலோ, கணக்கிடும் கன்ட்ரோலரிலோ நாம் சேர்த்ததாகத்தான் இருக்கும். அது எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பிரித்தறிவதில்தான் இந்தக் கலையின் ருசி.

ஒரு நைட்ரஜன் கலனை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு 50 லிட்டர். நிறுத்த வேண்டிய அழுத்தம் 5 பார். 15 பார் ஹெட்டரிலிருந்து ஒரு கன்ட்ரோல் வால்வு வழியாக வாயு வருகிறது. வெளியே போகும் வாயுவின் அளவை ஃப்ளோ கன்ட்ரோலர்கள் தீர்மானிக்கின்றன. ஹெட்டர் அழுத்தம் கலனைவிட இரு மடங்குக்கும் மேல் இருப்பதால் வால்வில் ஓட்டம் ஒலிவேகத்தில் அடைபட்டுவிடும். கலன் அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் உள்ளே வரும் அளவு மாறாது. வெளியேறும் அளவும் மாறாது. ஆகவே இந்தக் கலன் தானாக ஒரு நிலையில் போய் நிற்காது. வரவு செலவைவிடச் சற்றே கூடினாலும் அழுத்தம் நேர்க்கோட்டில் ஏறிக்கொண்டே போகும்.

எவ்வளவு வேகமாக ஏறும்? 30 டிகிரி வெப்பத்தில், வரவு செலவைவிட நொடிக்கு 1 நார்மல் லிட்டர் கூடினால் 50 லிட்டர் கலனில் நொடிக்கு சுமார் 0.0225 பார் ஏறும். முழுக்கத் திறந்த வால்வு நொடிக்கு 20 நார்மல் லிட்டர் விடும் என்றால் அது 0.45 பார். டிரான்ஸ்மிட்டரின் ரேஞ்ச் 0 முதல் 10 பார் வரை என்பதால், வால்வை 1 சதவீதம் திறந்தால் அழுத்தம் நொடிக்கு 0.045 சதவீதம் ஏறும். கலனைப் பற்றி ட்யூனிங்குக்குத் தெரிய வேண்டியது இந்த ஒரே எண்தான்.

இதைச் சோதித்துப் பார்ப்பது எளிது. லூப்பை மேனுவலில் வைத்து, அழுத்தம் நிலையாக இருக்கும்போது வால்வை 5 சதவீதம் திறக்க வேண்டும். பத்துப் பதினைந்து நொடி பார்த்துவிட்டுப் பழைய இடத்துக்கே திருப்ப வேண்டும். ட்ரெண்டில் ஒரு சாய்கோடு கிடைக்கும். அதன் சாய்வு கணக்கோடு ஏறத்தாழ ஒத்துப்போகும். அமுக்கப்படும் வாயு சற்றுச் சூடாவதால் கொஞ்சம் செங்குத்தாகவும் இருக்கலாம். அந்தக் கோட்டை ஸ்கேல் வைத்துப் பின்னோக்கி நீட்டினால் பழைய அழுத்தக் கோட்டை ஓரிடத்தில் வெட்டும். வால்வை அசைத்த நேரத்துக்கும் அந்த வெட்டுப் புள்ளிக்கும் உள்ள இடைவெளிதான் லூப்பின் மொத்தத் தாமதம். நம் கலனில் அது சுமார் 3.2 நொடி.

இந்த 3.2 நொடி எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்கும்போதுதான் சுவாரசியம் கூடுகிறது. வால்வும் பொசிஷனரும் சேர்ந்து ஒரு நொடி. கன்ட்ரோலர் அரை நொடிக்கு ஒருமுறை ஸ்கேன் செய்வதால் சராசரியாகக் கால் நொடி. மிச்சம் இரண்டு நொடியும் டிரான்ஸ்மிட்டரின் டாம்பிங். கோடு நடுங்காமல் வழவழவென்று தெரிய வேண்டும் என்று யாரோ 2 நொடி வைத்திருக்கிறார்கள். கலனே உடனுக்குடன் நகரும் இடத்தில் அந்த வழவழப்புக்கு நாம் கொடுக்கும் விலை லூப்பின் பாதிக்கும் மேற்பட்ட தாமதம்.

டாம்பிங் தாமதப்படுத்துவதோடு நிற்பதில்லை, ஆட்டத்தைக் குறைத்தும் காட்டுகிறது. லூப் 13 நொடிக்கு ஒருமுறை ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 2 நொடி டாம்பிங் அந்த ஆட்டத்தில் 72 சதவீதத்தை மட்டுமே திரைக்கு விடும். திரையில் உச்சம் 5.5 பார் என்று தெரியும்போது கலனுக்குள் 5.7 இருக்கும். கலன் மேலுள்ள சாதாரண முள் கேஜுக்கு டாம்பிங் கிடையாது. அதன் முள் திரையைவிட அகலமாக ஆடினால் பெரும்பாலும் திரையைத்தான் சந்தேகிக்க வேண்டும். டாம்பிங்கைக் கூட்டியதும் ட்ரெண்ட் அழகாகிவிட்டது என்று மகிழ்கிற இடத்தில் உண்மையான ஆட்டம் கூடியிருக்கவும் வாய்ப்பு உண்டு.

நார்வேயைச் சேர்ந்த சிகுர்ட் ஸ்கோகெஸ்டாட் 2003-இல் வெளியிட்ட விதி இத்தகைய லூப்புக்குக் கச்சிதமாகப் பொருந்தும். தாமதத்தை இரட்டித்து 0.045-ஆல் பெருக்கி, 1-ஐ அதனால் வகுத்தால் கெயின் வரும். இரட்டித்த தாமதத்தின் நான்கு மடங்கு இன்டக்ரல் நேரம். 3.2 நொடிக்கு கெயின் சுமார் 3.5, இன்டக்ரல் சுமார் 26 நொடி. டாம்பிங்கை 0.2 நொடியாகக் குறைத்தால் தாமதம் 1.4 நொடிக்கு வந்துவிடும். அப்போது கெயின் சுமார் 8, இன்டக்ரல் 11 நொடி. ஓர் உபகரணம் திடீரென்று கூடுதல் வாயு இழுத்தால் அழுத்தம் விழும் ஆழம் பாதிக்கும் குறைவாகிவிடும். வால்வை மாற்றவில்லை, கலனை மாற்றவில்லை. மாறியது டிரான்ஸ்மிட்டரில் ஒரே ஒரு எண்.

ஆனால் கெயின் 8 இருக்கும்போது இரைச்சலும் எட்டு மடங்காகி வால்வுக்குப் போகும். அளவீட்டில் 0.2 சதவீத நடுக்கம் இருந்தால் வால்வுக்கான கட்டளை 1.6 சதவீதம் நடுங்கும். பொசிஷனரும் கிளாண்ட் பேக்கிங்கும் சீக்கிரம் தேயும். ஆகவே டாம்பிங்கைக் குறைக்கும் முன் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். அழுத்தம் எடுக்கும் டாப்பிங் வாயு பீறிட்டு வரும் வாய்க்கு நேரே இருக்கிறதா? அப்படியானால் அது பார்ப்பது கலனை அல்ல, பீச்சலை. எதிர்ப்பக்கம் மாற்றினால் பெரும்பாலும் கோடு அடங்கிவிடும். இம்பல்ஸ் குழாயின் வால்வு பாதி மூடியிருந்தால், எந்த மெனுவிலும் தெரியாத ஒரு டாம்பிங் அங்கே ஒளிந்திருக்கும். இவற்றைச் சரிசெய்த பிறகும் மிஞ்சும் நடுக்கத்துக்கு 0.4 அல்லது 0.5 நொடி டாம்பிங் வைத்து, கெயினைச் சற்றுக் குறைத்துக்கொள்வதில் தவறில்லை.

இந்த லூப்பில் கை தேர்ந்தவரை அடையாளம் காட்டும் இடம் ஒன்று உண்டு. அழுத்தம் ஹன்டிங் ஆகிறது என்றதும் பலர் கெயினைத்தான் முதலில் குறைப்பார்கள். இங்கே அது எப்போதும் பலிக்காது. கெயின் 1, இன்டக்ரல் 10 நொடி என்று வைத்தால், ஒன்றரை நிமிடத்துக்கும் மேலான நீண்ட அலையாக அழுத்தம் ஏறி இறங்கும். கெயினை இன்னும் குறைத்தால் அலை இன்னும் நீண்டு, அடங்க மறுக்கும். கலன் வரவையும் செலவையும் சேர்த்து வைப்பது, கன்ட்ரோலரின் இன்டக்ரலும் பிழையைச் சேர்த்து வைப்பது. இரண்டு சேமிப்புகள் மாறி மாறி ஒன்றையொன்று துரத்துகின்றன. அந்தத் துரத்தலை நிறுத்துவது கெயின்தான். 0.045, கெயின், இன்டக்ரல் நேரம் மூன்றையும் பெருக்கினால் 4-க்குக் குறையக் கூடாது. கெயின் 1, இன்டக்ரல் 10 என்றால் பெருக்குத்தொகை 0.45 மட்டுமே.

அலையின் நீளமே இங்கே நோயைச் சொல்லிவிடுகிறது. லூப்பின் தாமதத்தைப்போல நான்கு மடங்கு காலத்தில் ஆடினால் கெயின் அதிகம், அதைக் குறைக்கலாம். பல மடங்கு நீண்டு மெல்ல ஆடினால் இன்டக்ரல் நேரத்தைக் கூட்ட வேண்டும், அல்லது கெயினைக் கூட்ட வேண்டும். அழுத்தக் கோடு வளையாமல் கூர்மையான முக்கோணங்களாக வந்தால் வால்வு ஒட்டிக்கொண்டு நகர்கிறது. எந்த எண்ணை மாற்றியும் அது தீராது, வால்வைத்தான் கழற்றிப் பார்க்க வேண்டும். ஆனால் இந்த மூன்று வடிவங்களும் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால், கலன் ஆடுவதை ஆடியபடியே காட்டும் டிரான்ஸ்மிட்டர் வேண்டும். அதனால் கலனைச் சுற்றி வந்து, டாப்பிங்கைப் பார்த்து, டாம்பிங் எண்ணைப் படித்த பிறகே கன்ட்ரோலரின் எண்களைத் தொடுபவரை நான் நல்ல ட்யூனர் என்பேன்.